இரத்ததான முகாம் நடத்திய தம்பிக்கு முப்பதுக்குப் பதினேழு போட்ட கதை

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று வந்த மறு ஆண்டே திருச்சியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். 2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்தில் ஓர் இரத்ததான முகாம் நடந்தது. அதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனியாளாக நடத்திக் கொடுத்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் இளைஞர்; மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர்; வயது இருபத்து நான்கு. அவருக்கு நன்றி தெரிவித்து, நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று வரையறுத்த அளவுகோல்களின்படி கருத்தும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் முடிவாயிற்று. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். அதனால் ஒரு நல்ல மனிதர் எங்களை விட்டு விலகினார். அடுத்த முகாமில் ஒருவருக்கு முகவாயில் தையல் போட வேண்டி வந்தது. என் கையிலிருந்து 4,850 ரூபாய் போனது. இப்படிப்பட்ட கடிதம் எழுதும் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் பணித்திறன் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பிய கை சும்மா இருக்காது. முகாம் முடிந்து நான்கு வாரங்கள் கழித்து உட்கார்ந்து, ஆறு தலைப்புகள் வகுத்தேன்: இலக்கை எட்டியது, விளம்பரம், நேரந்தவறாமை, கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது, விருந்தோம்பல், கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். எழுபத்தைந்து யூனிட் என்று சுவரொட்டியில் போட்டிருந்தோம், கிடைத்தது நாற்பத்தெட்டு, ஆகவே இரண்டு. விளம்பரத்துக்கு நான்கு. ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டியது ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்கியது, அதற்கும் இரண்டு. மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. கூட்டினால் முப்பதுக்குப் பதினேழு. மேலே "தங்களது தன்னலமற்ற சேவைக்குச் சங்கம் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது" என்று ஒரு வரி, கீழே "குறைகளைக் களைந்து எதிர்காலத்தில் மேலும் சிறப்பாகச் செயல்பட வாழ்த்துகிறோம்" என்று ஒரு வரி, நடுவில் இந்த அட்டவணை. வெளிப்படைத்தன்மை என்று எண்ணிக்கொண்டு அதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் பதிவிட்டேன். அன்று இரவே அவர் குழுவிலிருந்து வெளியேறினார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரோஷம் அதிகம் என்று மனைவியிடம் சொன்னதாக நினைவு.

பத்து நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அவருடைய தாயார் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்து, "எம் பையன் அன்னைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கலீங்க சார். அதுக்கு எத்தனை மார்க்குங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதைப் போலக் கேட்டார். நான் சர்க்கரை அட்டையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அப்போதும் எனக்கு என் தவறு முழுதாகப் புரியவில்லை. மனம் புண்பட்டுவிட்டது, அவ்வளவுதான், நாளடைவில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். 2023 அக்டோபர் 1 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அது தேசிய தன்னார்வ இரத்ததான நாளும்கூட. அடுத்த முகாமை அன்றைக்கு நானே நடத்திவிடலாம் என்று துணிந்தேன். ஜூனில் இரத்தம் கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து, மூன்று மாதம் கடந்துவிட்டதே என்று எல்லோரையும் தொலைபேசியில் அழைத்தேன். ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு மாத இடைவெளி என்பது எனக்குத் தெரியாது. சொன்ன சொல்லை மதித்து வந்த ஒன்பது பெண்களும், இன்னும் இரண்டு வாரம் ஆக வேண்டும் என்று வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கூலி வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். நூறு பேருக்கு, பொட்டலம் அறுபது ரூபாய் வீதம், காலைச் சிற்றுண்டி சொல்லியிருந்தேன். பதிவு செய்தவர்கள் நாற்பத்தாறு பேர். உதவிக்கு நின்றவர்களையும் சேர்த்து ஐம்பது பொட்டலம் போயிற்று. மீதி ஐம்பது என் கணக்கில் 3,000 ரூபாய். இரத்தம் கொடுத்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், சவாரி இருக்கிறது என்று உடனே எழுந்து போனவர், கூடத்தின் படியில் மயங்கி விழுந்தார். முகவாயில் மூன்று தையல், மருத்துவமனைச் செலவு 1,850 ரூபாய்.

அவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. ஜூன் முகாமிலும் இதேபோல் ஒருவர் விழுந்தார். கல்லூரி மாணவர், முதல்முறை இரத்தம் கொடுத்தவர், இரு சக்கர வாகனம் நிறுத்தியிருந்த இடத்தில் சரிந்தார். நல்லவேளையாகப் பக்கத்தில் நின்றவர் தாங்கிப் பிடித்துவிட்டார். அந்த நிகழ்ச்சியை என் கடிதம் எங்கே சொன்னது என்று தேடிப் பார்த்தேன். எங்கும் சொல்லவில்லை. "விருந்தோம்பல்: மூன்று" என்பதற்குள் அது புதைந்து கிடந்தது. மருத்துவமனை வாகனம் வேறோர் அவசர வேலைக்குப் போய்த் தாமதமாக வந்ததற்காக இரண்டு மதிப்பெண் போட்ட நான், கவனிக்க வேண்டிய ஒரே ஒரு குறையை மூன்று என்ற எண்ணுக்குள் மறைத்துவிட்டிருந்தேன். மதிப்பெண் போட்ட எனக்கே அது நினைவில்லை. வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? யாரும் எழுதி வைக்காததால் அதே தவறு அக்டோபரில் திரும்ப நடந்தது. மனம் புண்பட்டது ஒருபுறம் இருக்கட்டும். கருத்துரை என்ற முறையிலேயே என் கடிதம் பயனற்றது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அன்று மாலை, பொருள்களை ஏற்றிக்கொண்டிருந்த இரத்த மையத்து ஆலோசகர் அம்மையாரிடம் ஜூன் முகாமுக்கு எழுதிய கடிதத்தைக் கைப்பேசியில் காட்டினேன். முதல் வரியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "யூனிட் எண்ணிக்கைய வச்சா சார் மார்க் போட்டீங்க? அப்படிப் போட்டா அடுத்த தடவை அவரு தகுதி இல்லாதவங்களையும் உள்ள தள்ளிவிடப் பார்ப்பாரே" என்றார். பிறகு விளக்கினார். கொடையாளருக்குப் பதினெட்டு வயதுக்குக் குறையக்கூடாது. எடை நாற்பத்தைந்து கிலோவாவது வேண்டும். நூறு மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக்கூடாது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். மூழ்கினால் போதிய அளவு இருக்கிறது, மிதந்தால் இல்லை. இவற்றைக் கருவியும் கரைசலும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அண்மையில் பச்சை குத்திக்கொண்டது, போன மாதம் வேறு இடத்தில் இரத்தம் கொடுத்தது, நோய்த்தொற்றுக்கு வாய்ப்பான சூழலில் இருந்தது ஆகியவற்றை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. எடுத்த இரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிப்பது உண்மைதான். என்றாலும் தொற்றிய தொடக்க நாள்களில் பரிசோதனையில் தெரியாமல் போகும் ஓர் இடைவெளி இருக்கிறது. எண்ணிக்கைக்காக யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்த கொடையாளர் அந்த உண்மையை மறைப்பார். ஆகவே ஜூனில் இருபத்தேழு பேரைத் திருப்பியனுப்பிய முகாம் தோற்றுப்போன முகாம் ஆகாது என்றார்.

வீட்டுக்கு வந்து ஜூன் மாதப் பதிவேட்டைப் புரட்டினேன். வந்து பதிந்தவர்கள் எண்பத்தொரு பேர். அதில் ஆறு பேர் காத்திருந்து பொறுமையிழந்து போய்விட்டார்கள். இருபத்தேழு பேர் திருப்பியனுப்பப்பட்டவர்கள்: ஹீமோகுளோபின் போதாமல் பதினான்கு, எடை போதாமல் ஐந்து, இரத்த அழுத்தம் காரணமாக மூன்று, இடைவெளி முடியாமல் மூன்று, பச்சை குத்தியிருந்ததால் இரண்டு. இந்த இருபத்தேழில் எதையும் அந்தத் தம்பி மாற்றியிருக்க முடியாது. அவர் கையில் இருந்தவை என்று பார்த்தால், காத்திருந்து போன ஆறு பேரும், விழுந்த ஒருவரும்தான். எண்பத்தொரு பேரைக் கூடத்துக்கு வரவழைத்ததை நான் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அளவுகோலை நிகழ்ச்சி முடிந்த பிறகு வகுக்கக் கூடாது. முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே எழுதி, நடத்துபவர் கையில் கொடுத்து, இவற்றைத்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட வேண்டும். இது என் கையில் இல்லை என்று அவர் அடித்துவிட்டால் அடித்தது அடித்ததுதான். எங்களுக்கு இப்போது நான்கே அளவுகோல்கள். நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுவிட்டு வரும்படி முந்தைய நாள் மாலை ஒவ்வொருவருக்கும் செய்தி போனதா என்பது முதலாவது. பதிவு மேசையிலிருந்து படுக்கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது இரண்டாவது. இதற்குக் கடிகாரத்தோடு யாரும் நிற்க வேண்டியதில்லை, பதிவுச் சீட்டிலேயே இரண்டு இடத்தில் மணியைக் குறித்தால் போதும். இரத்தம் கொடுத்தவர் ஒவ்வொருவரும் ஏதாவது குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்தாரா என்பது மூன்றாவது. திருப்பியனுப்பப்பட்டவர், ஏன் திருப்பினார்கள், எப்போது மீண்டும் வரலாம் என்று தெரிந்துகொண்டு போனாரா என்பது நான்காவது. இதை நாங்கள் முன்பு நினைத்ததே இல்லை. ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பியனுப்பப்பட்ட பெண்கள் பலர் தங்களுக்கு ஏதோ பெரிய நோய் என்று பயந்து போயிருக்கிறார்கள். எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது. அது அளவுகோல் இல்லை. கணக்கும் இல்லை, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மதிப்பெண்ணை அடியோடு விட்டுவிட்டோம். மூன்று என்ற எண்ணைப் பார்த்து ஒருவர் அடுத்த முறை எதை மாற்றிக்கொள்வார்? அதற்குப் பதிலாக ஒவ்வோர் அளவுகோலுக்கும் எதிரே நடந்தது, பாதி நடந்தது, நடக்கவில்லை என்பவற்றில் ஒன்றை எழுதி, யார் எதைப் பார்த்தார் என்று ஒரு வாக்கியம் எழுதுகிறோம். அதன் பக்கத்தில் அது யார் கையில் இருந்தது என்றும் எழுதுகிறோம். இந்தக் கடைசிப் பத்திதான் எழுதுபவரின் நேர்மையைச் சோதிப்பது. ஜூன் முகாமுக்கு அதை நிரப்பிப் பார்த்தபோது "சங்கம்" என்ற சொல் நான் எதிர்பார்த்ததைவிட அதிக இடங்களில் வந்து விழுந்தது.

நன்றிக் கடிதத்தையும் கருத்துரையையும் ஒரே தாளில் எழுதக் கூடாது என்பது இன்னொன்று. ஒன்றாக எழுதினால் நன்றி என்பது கசப்பு மருந்துக்கு முன்னால் கொடுக்கும் சர்க்கரை ஆகிவிடுகிறது. படிப்பவர் அதைத் தாண்டி "ஆனால்" எங்கே வருகிறது என்று தேடுகிறார். நன்றி மூன்று நாளுக்குள் போக வேண்டும், அதைக் குழுவில் எல்லோரும் பார்க்கப் போடலாம். கருத்துரை அவரிடம் நேரில் பேசி, அவர் பக்கத்தையும் கேட்ட பிறகு, அவருக்கு மட்டும் போக வேண்டும். நன்றியில் சேவை, அர்ப்பணிப்பு என்ற சொற்கள் வந்தால் நான் இப்போது அடித்துவிடுகிறேன்; அவை யாருக்கும் பொருந்தும், ஆகவே யாரையும் குறிக்காது. அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்று கண்ணால் பார்த்த நான்கு பேரிடம் கேட்டால் எழுதுவதற்குத் தானாகக் கிடைக்கிறது. நவம்பரில் நான் கேட்டபோது எனக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு இப்படி எழுதினேன்:

"முகாமுக்கு முந்தைய நாள் மாலை நீங்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு இரத்தம் கொடுத்ததை மறைத்து வந்த ஒருவரை, மற்றவர்கள் அறியாதபடி தனியே அழைத்துப் பேசி அனுப்பியிருக்கிறீர்கள். எடை போதவில்லை என்று அழுத பெண்ணைப் பதிவு மேசையில் உட்காரவைத்து, பெயர் எழுதும் வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் மதியம் வரை அங்கேயே இருந்தார். இவற்றை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் இப்போது சொன்னார்கள். நன்றி."

கருத்துரையைத் தனித்தாளில் எழுதினேன். செய்தி அனுப்பியது நடந்தது. படுக்கைக்குப் போகும் நேரம் பாதி நடந்தது. பதினொரு மணிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள், ஆறு பேர் போய்விட்டார்கள். படுக்கை நான்கே இருந்ததும் வாகனத் தாமதமும் காரணம். பொறுப்பு பாதி சங்கத்துடையது. கொடுத்த பின் உட்காரவைத்தது நடக்கவில்லை; சுமார் பத்தே முக்கால் மணிக்கு ஒரு மாணவர் வெளியே மயங்கினார்; வெளியேறும் வாசலில் யாரும் நிற்கவில்லை; இது உங்கள் கையில் இருந்தது. அடுத்த முறை மாற்ற வேண்டியது என்று இந்த ஒன்றை மட்டும் எழுதினேன். அறிவுரையை நான்கு, ஐந்து என்று அடுக்கினால் எது முக்கியம் என்பது தெரியாமல் போகிறது. அதன் பிறகு, அக்டோபரில் நான் நடத்திய முகாமில் இதே குறையால் இன்னொருவருக்கு மூன்று தையல் போட்டதையும் எழுதினேன். அதை எழுதக் கை கொஞ்சம் தயங்கியது.

இனி கணக்கு. தாளை எடுத்துக்கொண்டு புறப்படும் முன் பொருளாளரிடம் தம்பியின் கணக்கு முடிந்ததா என்று கேட்டேன். பழச்சாறு, வாழைப்பழம், பிஸ்கட், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எல்லாம் சேர்த்து அவர் தன் பணத்திலிருந்து 3,840 ரூபாய் செலவழித்து, ஜூன் மாதமே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாழைப்பழத்துக்கு ரசீது இல்லை என்று பொருளாளர் நிறுத்தி வைத்துவிட்டார். தள்ளுவண்டிக்காரர் எந்த ஊரில் ரசீது கொடுக்கிறார்? ஐந்து மாதமாக ஒருவருடைய பணத்தை வைத்துக்கொண்டு, அவருக்குக் கணக்கில் ஐந்துக்கு மூன்று போட்டிருக்கிறோம். முகாம் முடிந்த மூன்றாம் நாள் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது சங்கத்தின் கடமை என்று இப்போது தீர்மானமே போட்டிருக்கிறோம். அதற்குப் பிறகுதான் நன்றிக் கடிதம் போகும். ரசீது இல்லாத சில்லறைச் செலவுக்கு ஐந்நூறு ரூபாய் வரை அவருடைய கையெழுத்தே போதும்.

பணத்தை ஒரு கவரிலும் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு, இரவு கடை மூடும் நேரத்தில் போனேன். அவர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். நன்றித் தாளைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை, மடித்துக்கொண்டார். கருத்துரைத் தாளை மருந்து அலமாரி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தவர் ஓரிடத்தில் நின்று, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துப் பத்தே முக்கால் என்பதை அடித்துப் பதினொன்று இருபது என்று எழுதினார். "அப்ப ஜூஸ் தீந்துபோச்சு சார். வாசல்ல நான்தான் நின்னுட்டிருந்தேன். வாங்கியாரப் போனேன், பத்து நிமிஷம்தான், அதுக்குள்ள விழுந்துட்டான்" என்றார்.

அறுபது பொட்டலம் வாங்கியிருந்தீர்களே, அதற்குள் எப்படித் தீர்ந்தது என்று கேட்டேன். அந்த நேரம் வரை இரத்தம் கொடுத்தவர்கள் இருபத்தைந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பவரைப் போலப் பேனாவை மூடினார். "பெட்டி கமிட்டி டேபிள் பக்கத்துல இருந்துச்சு சார்" என்றார்.

ஜூன் மாத வெயில், மின்விசிறிக்கு நேர்கீழே போட்ட மேசை, பக்கத்தில் திறந்து வைத்த அட்டைப்பெட்டி எல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. மாம்பழச்சாறு, நான் மட்டும் இரண்டு குடித்திருந்தேன். அவரிடமிருந்து பேனாவை வாங்கி, "இது உங்கள் கையில் இருந்தது" என்ற வரியை அடித்து, மேலே "சங்கம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிப்ரவரி முகாமுக்குத் தேதி எப்போது என்று அவர் கேட்டார். பெட்டி இந்த முறை வெளியேறும் வாசலில், அவருடைய நாற்காலிக்கு அடியில் இருக்கும் என்று சொன்னேன்.